ஒரு நாளில் மறைந்து விடுமா?

சென்ற வருடம் சரவணையில் இருக்கும் என் தங்கையின் வீட்டிற்குப் போயிருந்தேன். அவளுடைய மூத்த மகளுக்கு நிக்காஹ் முடிந்து இரண்டு நாட்கள். இளையவள் வாட்ஸ்அப்பைப் பார்த்தபடி அழுது கொண்டிருந்தாள்.

மருதோன்றி இட்ட இரவில் பெண்கள் மட்டும் கூடியிருந்த படத்தை அவள் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். படத்தின் கீழுள்ள கண் அடையாளத்தைத் தொட்டால் பார்த்தவர்களின் பெயர்கள் தெரியும். அதில் பந்தல்காரரின் பெயரும் இருந்தது.

"மாமா, ஆம்பிளைகள் எல்லாரையும் விலக்கிட்டுத்தானே போட்டன்!" என்றாள்.

அவள் சொன்னது பொய்யல்ல. யார் பார்க்கலாம் என்ற இடத்தில் அவள் தேர்ந்தது 'My contacts except...' என்பதை. நோன்புக்கு முன்பு ஒருநாள் உட்கார்ந்து, ஆண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விலக்கியிருக்கிறாள். பந்தல்காரரின் எண்ணைப் பதிந்ததோ அதற்குப் பிறகு. விலக்கியோர் பட்டியலில் இல்லாத எவரும் அனுமதிக்கப்பட்டவரே. அவரும் இவள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்திருந்ததால் படம் அவரிடம் போய்விட்டது. இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் பதிந்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் போய்ச் சேரும். கலியாண வேலைக்கு எண்களைப் பரிமாறிக் கொள்ளாமல் முடியுமா?

பதறிய பிள்ளை, உடனே பட்டியலைத் திருத்தி அவரையும் விலக்கினாள். ஆனால், அந்தத் திருத்தம் இனிமேல் போடுபவற்றுக்கே செல்லும். முன்பே போனதைத் திருப்பி அழைக்காது. முதலில் படத்தை அழிக்க வேண்டும், பிறகு பட்டியலை மாற்ற வேண்டும். அப்படியே செய்யச் சொன்னேன்.

அடுத்து 'Only share with...' என்பதைத் தேர்ந்து, உம்மா, ராத்தா, மாமிமார், தோழியர் என்று பதினான்கு பேரை மட்டும் குறித்தாள். இதில் புதிய எண் எதுவும் தானாக நுழையாது. நாமே சேர்த்தால்தான் உண்டு. வாசலைத் திறந்து வைத்து வேண்டாதவரைத் தடுப்பதற்கும், வாசலைச் சாத்திவிட்டு வேண்டியவரை அழைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

"எப்படியும் 24 மணித்தியாலத்தில் மறைஞ்சிடும்தானே?" என்று தங்கை கேட்டாள். மறைவது ஸ்டேட்டஸ்தான். அதற்குள் ஒருவர் திரையைப் படம் பிடித்தால் அது அவரிடம் தங்கிவிடும். போட்டவருக்கு அறிவிப்பும் வராது. பார்த்தவர் பட்டியலும் முழுமையானதல்ல. படித்ததைக் காட்டும் நீலக் குறியை நிறுத்தி வைத்தவர் பார்த்தாலும் பெயர் விழாது.

அந்தப் பதினான்கு பேரும் படத்திலிருந்த ஒன்பது பெண்களுக்கு அந்நியரா, உறவினரா? மருமகளிடம் நான் கடைசியாகக் கேட்டது இதைத்தான். அவள் தேர்ந்தவர்கள் அவளுக்கு வேண்டியவர்கள். ஆனால் முகம் மற்றவர்களுடையது. அது அவளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவள் பேசாமல் எழுந்து, ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்கப் போனாள். இருவர் வேண்டாம் என்றார்களாம். அந்தப் படம் மறுபடி ஸ்டேட்டஸில் வரவில்லை.