தோசைக்கல் வந்து சேர்ந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய நான்ஸ்டிக் தோசைக்கல் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. ரொம்ப நன்றிடா. போனில் பேசினால் "நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இதை இப்போதே சொல்லாவிட்டால் பொங்கலுக்கு அதே பூச்சில் ஒரு பணியாரச்சட்டி வந்து நிற்கும்.

ஞாயிறு காலை ஆசையாகத்தான் அடுப்பில் வைத்தேன். மாவை ஊற்றி இழுத்தால், கல்லில் நிற்காமல் கரண்டியோடு சுருண்டு வந்துவிட்டது. இரும்புக்கல்லில் மாவு லேசாகப் பிடிக்கும். அந்தப் பிடியில்தான் வட்டம் விரியும். இதில் பிடிப்பே கிடையாது, சூடு கொஞ்சம் ஏறினாலும் போச்சு. தீயைத் தணித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, மாவையும் இளக்கி ஊற்றினேன். வட்டமாக வந்தது, ஆனால் வெளுத்துப் போய், மெத்தென்று. முறுகட்டும் என்று தீயைக் கூட்டவும் பயம். அதிகம் காய்ந்தால் பூச்சு கெட்டுவிடும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. உன் அத்தான் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இட்லியை ஏன் தட்டையாக்கினே?" என்றார். அம்மாவின் இரும்புக்கல்லையே மறுபடி ஏற்றினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சின்னவனுக்குத் தினமும் ஆம்லெட் வேண்டும். அதை அம்மா கல்லில் போட்டால் மறுநாள் தோசை எழும்பாது. பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, முதல் இரண்டு தோசையைப் பிய்த்தெடுத்த பிறகுதான் கல் வழிக்கு வரும். இதற்காகவே அவனுக்கும் எனக்கும் காலையில் சண்டை. இப்போது ஆம்லெட் உன் கல்லில். ஒரு சொட்டு எண்ணெயில் வழுக்கிக்கொண்டு தட்டுக்கு வருகிறது. கீறல் விழக் கூடாதே என்று மரக்கரண்டி ஒன்றும் வாங்கிவிட்டேன்.

பெட்டிக்குள் நீ வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன்: "கனமில்லை, கை வலிக்காது." போன தடவை வந்தபோது நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டதைக் கவனித்திருக்கிறாய். கூடவே இருப்பவர்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. அந்தச் சீட்டை அஞ்சறைப்பெட்டி மூடிக்குள் செருகி வைத்திருக்கிறேன். மஞ்சள் ஒட்டிவிட்டது, போகட்டும்.

ஆனால் தம்பி, கல்லை நான் தூக்குவதே இல்லையே. அது பாட்டுக்கு அடுப்பிலேயே கிடக்கும். கையை வாங்குவது கிரைண்டர். நம்முடையது பழசு, சாய்க்க வராது. ஆட்டி முடித்ததும் மாவு வழுக்கும் குழவியை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைக்க வேண்டும். அங்கேதான் மணிக்கட்டு சுருக்கென்று இழுக்கும்.

உடனே புது கிரைண்டருக்குக் காசு அனுப்பிவிடாதே. அடுத்த முறை வரும்போது சனிக்கிழமை மதியமே வந்துவிடு. அன்றைக்குத்தான் மாவாட்டுவேன். குழவியை நீ தூக்கு.

அன்புடன்,
அக்கா