உப்பு எவ்வளவு?

காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும் என்று என் தாயார் எனக்குப் பழக்கியிருந்தாள். 2023-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தோடு அந்தப் பழக்கம் போயிற்று. உள்ளங்கைக்குப் பதிலாக அதில் இருக்கும் டெலிபோனைப் பார்க்கலானேன். நான் புதிதாக ஆரம்பித்திருந்த வலைப்பூவுக்கு நேற்று எத்தனை வருகை என்ற கணக்கு அதில் தெரியும்.

பத்து வருஷமாகப் பத்திரிகை ஆபீஸில் எழுதுகிறவனுக்கு வலைப்பூ எதற்கு என்று கேட்பீர்கள். பத்திரிகை எத்தனை பிரதி விற்றது என்பது மானேஜருக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தை யார் படித்தார்கள், யார் அதைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குத் தாவினார்கள் என்பது யாருக்குத் தெரியும்? வலைப்பூவில் அப்படியில்லை, வந்தால் எண்ணிக்கை ஏறும். அந்தச் சபலம்தான்!

முதல் வாரக் கடைசியில் ஒரு நாள் 41 என்று காட்டியது. தலைகால் புரியாமல் சமையலறைக்கு ஓடினேன்.

"நாற்பத்தொரு பேர் படித்திருக்கிறார்கள்!" என்றேன்.

என் மனைவி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்திக்கு நீங்க எத்தனை தடவை திறந்து பார்த்தேள்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அந்தக் கணக்கு மனிதர்களை எண்ணுவதில்லை. பக்கம் திறக்கப்பட்ட தடவைகளை எண்ணுகிறது. வீட்டில், பஸ்ஸில், ஆபீஸில் என்று நானே திறந்து திறந்து பார்த்திருந்தேன். 'என் வருகையை எண்ணாதே' என்று குறித்துவிட அதிலேயே ஓர் இடம் இருக்கிறது. ஆனால் டெலிபோனில் குறித்தால் அது டெலிபோனுக்கு மட்டும்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டையும் செய்தேன். மறுநாள் எண்ணிக்கை 6.

"அதிலே ரெண்டு நான்" என்றாள் மனைவி.

பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி 380 வருகை! எந்தத் தேசத்து ரசிகர்களோ என்று பூரித்துப் போனேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் விவகாரம் தெரிந்த நண்பர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அத்தனை வருகையும் ஒரே மணி நேரத்தில் வந்திருந்தன. எல்லாம் முகப்புப் பக்கத்துக்கே. எங்கிருந்து வந்தார்கள் என்ற ஜாபிதாவில் வாயில் நுழையாத விலாசங்கள். "இவர்கள் மனிதர்களே இல்லை, ஸார், யந்திரங்கள். 'யார் இவர்?' என்று நீங்கள் அந்த விலாசத்தை அமுக்க வேண்டும் என்பதற்காகவே வந்துபோகின்றன. அமுக்காதீர்கள்" என்றார்.

ஆக, என்னையும் யந்திரங்களையும் கழித்தால் மிஞ்சியவர்கள் கை விரல்களுக்குள் அடங்கினார்கள்.

மார்ச் மாதம் மாவடுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். என் தாயார் காலமான பிறகு வந்த முதல் மாவடுப் பருவம் அது. 'ஜாடிக்குள் உறங்கும் வசந்தம்' என்று தலைப்பு. மாந்தோப்பு, கொல்லைக் கிணறு, அம்மாவின் மஞ்சள் கை என்று எட்டுப் பாராக்கள். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிற்று.

மூன்று வாரம் கழித்து என் தங்கை கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணா, உன் கட்டுரையைப் படிச்சு அழுதேன். அம்மா மாதிரியே போடணும்னு ரெண்டு கிலோ வடு வாங்கினேன். உப்பு எவ்வளவுன்னு நீ எழுதவே இல்லையே! ஒரு பிடி போட்டேன். எல்லாம் பூஞ்சை பூத்துப் போச்சு. கொட்டிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. எட்டுப் பாராவில் அம்மாவைப் பற்றி நான் அழுதிருந்தேனே தவிர, அம்மா என்ன செய்தாள் என்பதைச் சொல்லவில்லை.

அன்று நண்பரிடம் கேட்டு வேறொரு கணக்கைத் திறந்தேன். Search Console என்று பெயர். கூகிளில் என்ன வார்த்தை போட்டுத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை அது சொல்லும். சற்றுத் தாமதமாகச் சொல்லும். மிக அபூர்வமான தேடல்களை மறைத்துவிடும். இருந்தாலும் கண்ணைத் திறந்தது. 'மாவடு உப்பு அளவு', 'மாவடு சுருங்கவில்லை', 'மாவடு வெள்ளை பூஞ்சை' - இப்படித் தேடியவர்களுக்கு என் தலைப்பு அந்த மாதம் 240 தடவை காட்டப்பட்டிருந்தது. உள்ளே வந்தவர்கள் நாலே நாலு பேர். ஜாடிக்குள் வசந்தம் உறங்கினால் அவர்களுக்கு என்ன? அவர்களுடைய ஜாடியில் பூஞ்சையல்லவா விழித்துக்கொண்டிருந்தது!

அம்மாவின் பழைய ஆழாக்கு பரணில் இருந்தது. ஒரு கிலோ வடுவுக்கு அதில் தலைதட்டி ஓர் ஆழாக்குக் கல்லுப்புப் போடுவாள் என்பது நினைவிருந்தது. நிறுத்துப் பார்த்தேன், ஏறக்குறைய 200 கிராம்.

கட்டுரையைத் திருப்பி எழுதினேன். தலைப்பு: 'மாவடு: ஒரு கிலோவுக்கு எவ்வளவு உப்பு? ஏன் சுருங்கவில்லை?' முதல் பாராவிலேயே அளவு. வடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிப் பிறகு உப்புப் போட வேண்டும். தினமும் குலுக்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் விடும். பத்து நாளில் சுருங்கும். கொட்டை முற்றிய காயானால் சுருங்க அடம்பிடிக்கும். வாங்கும்போதே ஒன்றை நறுக்கிப் பார்த்துவிடலாம். உப்புக் குறைந்தாலும், ஈரக் கை பட்டாலும், காய்கள் உப்புநீருக்கு மேலே மிதந்தாலும் பூஞ்சை வரும். அம்மாவை எடுத்துவிடவில்லை. எட்டுப் பாராவை ஒன்றாகச் சுருக்கி, ஆழாக்கும் கையுமாக அவளைக் கடைசியில் நிற்க வைத்தேன்.

மே மாதம் பார்த்தேன், வருகை குறைந்தது. ஜூனில் அநேகமாகப் பூஜ்யம். பழைய தலைப்பே தேவலை, மாற்றிவிடலாமா என்று கை அரித்தது.

"ஜூன் மாசத்திலே வடு மாங்காய் எங்கே கிடைக்கும்? எவ தேடுவா?" என்றாள் மனைவி.

மாசி பங்குனிச் சரக்கை ஆனி மாதத்தில் எடை போடக் கூடாதுதான். பங்குனியைப் பங்குனியோடு ஒப்பிட வேண்டும். Search Console பதினாறு மாதக் கணக்கைப் பாதுகாத்து வைக்கிறது. ஆகையால் அது சாத்தியம். காத்திருந்தேன். தினசரி பார்ப்பது வாரம் ஒரு தடவையாயிற்று. பிறகு அதுவும் மறந்தது. அந்த நேரத்தில் மற்றக் கட்டுரைகளை எடுத்து, 'இதைத் தேடி வருகிறவள் கையில் என்ன வேலையோடு வருவாள்?' என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினேன்.

2024 மார்ச்சில் என் தலைப்பு 600 தடவை காட்டப்பட்டது. 54 பேர் உள்ளே வந்தார்கள். மொத்த எண்ணிக்கை ஏறியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு நூறு பேர் தலைப்பைப் பார்த்தால் இரண்டு பேர்கூட வரவில்லை. இப்போது ஒன்பது பேர் வந்தார்கள். தலைப்பு அவர்களோடு பேசியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் வந்தவர்கள் வீட்டு வடு சுருங்கியதா என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

ஏப்ரல் மாதம் தங்கை வந்தாள். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே கரும்பச்சையாக, கிழவி கன்னம்போல் சுருங்கிய வடுக்கள். ஒன்றைக் கடித்தேன். அம்மா போட்ட மாவடுவேதான். இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

"இன்னிக்கு எத்தனை பேர் வந்தாளாம்?" என்று மோர் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டாள் மனைவி.

காலையிலிருந்து பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஒருத்தி வந்திருக்கிறாள். இலையைப் போடு!" என்றேன்.