ஆட்டோ முதுகில் எந்தப் பெயர்?

போன மாதம் ஆதம்பாக்கத்தில் ஒரு டீக்கடை மாடியில் ஆட்டோ ஓட்டுநர்கள் கூடியிருந்தார்கள். கூட்டுறவுச் சங்கம் தொடங்குவது என்று முடிவாகிவிட்டது. பெயர்தான் பாக்கி. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிட வேலை என்று நினைத்துப் போனேன், மூன்று மணி நேரம் ஆனது.

முதலில் எழுந்தவர், "அம்பேத்கர் பேரு வைப்போம்" என்றார். பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர் தட்டவில்லை, மறுக்கவும் இல்லை. பிறகு மூத்த ஓட்டுநர் ஒருவர் பேசினார். அவரும் நம் சேரியில் பிறந்தவர்தான். "தம்பி, அவரு பேரு என் நெஞ்சுல இருக்கு. வண்டி முதுகுல எழுதுனா சவாரி ஏறுமான்னுதான் யோசிக்கிறேன். ராத்திரி பரங்கிமலை ஸ்டேஷன்ல எறங்குறவன், மூணு வண்டி நின்னா எதுல ஏறுவான்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பயம் கற்பனை இல்லை.

1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் உருவானது. கட்டபொம்மனின் தளபதியாக நின்று வெள்ளையரை எதிர்த்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் பிறந்தது ஒடுக்கப்பட்ட சமூகத்தில். அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. அந்த ஜூலையில் அரசு எடுத்த முடிவு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்குவது. சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் எல்லாம் போயின. சென்னையில் நாம் ஏறிய பல்லவன், மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது. ஒரு பெயரைப் பொறுக்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயரையும் அழித்தார்கள். அத்தனை காலம் மன்னர் பெயரில் ஓடிய பேருந்தில் நாம் ஏறாமலா இருந்தோம்?

இதைக் கூட்டத்தில் சொன்னதும் ஒருவர், "அப்ப பொதுவா ஒரு பேரு வைப்போமே" என்று ஒரு அம்மன் பெயரைச் சொன்னார். இந்த முறை வாய் மூடியவர்கள் கிறிஸ்தவ, முஸ்லிம் ஓட்டுநர்கள். 'பொது' என்ற சொல்லைக் கேட்டால் யாருக்குப் பொது என்று கேட்டுவிடுவது நல்லது. இதே ஆதம்பாக்கத்தில் கருணீகர் தெரு இருக்கிறது. அது சாதிப் பெயர் என்று எந்தச் சவாரியும் நினைப்பதில்லை, அவர்களுக்கு அது வெறும் விலாசம். நம் தலைவர் பெயர் மட்டும்தான் சாதியாகிவிடுகிறது.

அப்போதுதான் எனக்கு ஆவின் ஞாபகம் வந்தது. கடையில் யாரும் 'தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம்' என்று சொல்லிப் பால் கேட்பதில்லை. பதிவில் இருப்பது ஒரு பெயர், வாயில் வருவது இன்னொன்று. நமக்கும் இரண்டு பெயர் இருக்கலாம் என்றேன். பதிவுப் பெயர் உறுப்பினருக்கு, அதைச் சொல்லித்தான் அவர் பங்குத் தொகை கட்டுவார். அது துணைவிதிகளில் ஏறிவிடும். பிறகு மாற்ற வேண்டுமானால் பேரவையைக் கூட்டித் துணைவிதியைத் திருத்தி, பதிவாளர் ஒப்புதலும் வாங்க வேண்டும். அதனால் அங்கே அவசரம் கூடாது. வண்டியில் எழுதுகிற கூப்பிடு பெயர் பயணிக்கு. அது சின்னதாக இருக்க வேண்டும், ஒருமுறை கேட்டால் போனில் திருப்பிச் சொல்ல வர வேண்டும், ஓடுகிற வண்டியில் படிக்க முடிய வேண்டும்.

"பேரு படிச்சு என்ன பண்ணுவாங்க?" என்றார் ஓர் இளைஞர். நியாயமான கேள்வி. ஒரு வண்டி இருநூறு ரூபாய் சவாரிக்கு நானூறு கேட்டால், மறுநாள் அந்தப் பெயர் போட்ட எல்லா வண்டிக்கும் கெட்ட பேர். உறுப்பினர் அல்லாதவர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஓட்டினாலும் அப்படித்தான். அதனால் பெயருக்குக் கீழே உறுப்பினர் எண், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அதே எண், புகாருக்கு ஒரு போன் நம்பர், அதை எடுக்க ஒரு ஆள். இதெல்லாம் இருந்தால்தான் பெயருக்குப் பொருள் வரும்.

பதிவுப் பெயருக்குக் கை தூக்கச் சொல்லவில்லை. கை தூக்கினால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்குவார்கள். சீட்டு எழுதிப் போட்டோம். கை தட்டாமல் இருந்தவர்கள் பக்கத்திலிருந்தும் சில சீட்டுகள் 'அம்பேத்கர்' என்று வந்திருக்க வேண்டும், எண்ணிக்கை அப்படித்தான் சொன்னது. பதிவுப் பெயரில் அவர் இருக்கிறார்.

கூப்பிடு பெயர் இன்னும் முடிவாகவில்லை. வண்டி முதுகில் அவர் பெயர் இல்லாமல் போனால், நாமும் 1997-ஐத்தான் திரும்பச் செய்கிறோமா என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. அதை அங்கேயே சொன்னேன். இரண்டு பெயர்களை அட்டையில் எழுதி இரண்டு வண்டிகளின் பின்னால் ஒரு வாரம் கட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒன்றில் அம்பேத்கர், இன்னொன்றில் வெறும் ஊர்ப்பெயர். அம்பேத்கர் அட்டையை என் வண்டியில் கட்டுங்கள் என்று முதலில் கேட்டவர் அந்த மூத்த ஓட்டுநர்.