வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள்

க.பொ.த. சாதாரண தரத்தில் 34 புள்ளி என்றால் W, 35 என்றால் S. ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆனால் பெறுபேற்றுத் தாளில் ஒன்று சித்தி, மற்றது சித்தியின்மை. அந்தப் பிள்ளை அதே பாடத்தில், அதே கடினத்தில் அமைந்த இன்னொரு வினாத்தாளுக்கு அடுத்த நாள் விடை எழுதியிருந்தால் அதே முடிவுதான் வந்திருக்குமா? வட்டக்கச்சியில் தரம் 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு தவணையும் வருகிறது. முன்னோடிப் பரீட்சைப் புள்ளிகளை வைத்துத்தான் யாருக்கு மேலதிக வகுப்பு, யாரைத் தனியே இருத்திப் படிப்பிப்பது என்று பிரிக்கிறோம். பிரிக்கும் கோட்டுக்கு இரு பக்கமும் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி அந்தப் புள்ளிகள் எவ்வளவு சொல்கின்றன என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

நேரான வழி, சம கடினமுள்ள இரண்டு தாள்களை ஒரே பிள்ளைகளுக்கு வைப்பது. இரண்டிலும் சித்தி, இரண்டிலும் சித்தியின்மை ஆகிய இரு கூட்டத்தையும் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் முடிவு எவ்வளவு தூரம் ஒத்துவருகிறது என்பது தெரியும். இதற்குக் குறுக்கே நிற்பது நாட்காட்டி. இரண்டு தாளுக்கும் இடையில் இரண்டு வாரம் போனால் பிள்ளை அதற்குள் புதிதாகப் படித்துவிடும். மாற்றம் தாளால் வந்ததா, படிப்பால் வந்ததா என்று பிரிக்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கிற நாட்களில் இரண்டாம் தாளுக்கு வராமல் போகிறவர்களும் இருப்பார்கள். வராதவர்கள் பெரும்பாலும் கோட்டை அண்டியவர்களாக இருந்துவிட்டால், மிஞ்சியவர்களை வைத்துப் போடும் கணக்கு உள்ளதை விட நன்றாகத் தெரியும்.

ஆகவே ஒரே தாளில் இருந்து மதிப்பிடும் வழி தேவைப்படுகிறது. 1976இல் மைக்கேல் சப்கோவியாக் என்ற அமெரிக்க அளவீட்டறிஞர் கொடுத்த முறை ஒரு பாடசாலை ஆசிரியரே செய்யக்கூடியது. விஞ்ஞானம் பகுதி I இல் இருப்பது போல 40 பல்தேர்வு வினா என்று வைத்துக்கொள்வோம். மேலதிக வகுப்புக்கான வெட்டுப்புள்ளி 20. வகுப்பின் இடை 22, நியம விலகல் 6. முதலில் தாளின் நம்பகத்தைப் பார்க்க வேண்டும். கூடரும் ரிச்சர்ட்சனும் 1937இல் தந்த 21ஆம் சூத்திரத்துக்கு வினாவுக்கு வினா புள்ளிவிபரம் தேவையில்லை. இடையும் விலகலும் போதும். இந்த எண்களுக்கு அது 0.74 தருகிறது.

அடுத்து, பிள்ளை எடுத்த புள்ளியை அப்படியே நம்பாமல் வகுப்பின் இடையை நோக்கிச் சற்று இழுக்க வேண்டும். 20 எடுத்த பிள்ளையின் விகிதம் 0.50. வகுப்பின் விகிதம் 0.55. முன்னதை 0.74ஆலும் பின்னதை 0.26ஆலும் பெருக்கிக் கூட்டினால் 0.513. இந்தப் பிள்ளை சராசரியாக ஒரு வினாவைச் சரியாகச் செய்யும் வாய்ப்பு அது. அப்படிப்பட்ட ஒருவர் புதிய 40 வினாவில் 20 அல்லது அதற்கு மேல் எடுக்கும் நிகழ்தகவு ஈருறுப்புப் பரம்பலில் இருந்து வருகிறது. எக்செல்லில் ஒரு வரி போதும்:

```
=1-BINOM.DIST(19,40,0.513,TRUE)
```

விடை ஏறத்தாழ 0.63. இரண்டு தாளிலும் சித்தியடைய 0.63இன் வர்க்கம், இரண்டிலும் தவற 0.37இன் வர்க்கம். கூட்டினால் 0.53. அதாவது இந்தப் பிள்ளைக்கு இரண்டு தாள்கள் வைத்தால் நூற்றுக்கு 53 தடவைதான் ஒரே முடிவு வரும். நாணயத்தைச் சுண்டிப் பிரித்தாலே 50 வரும்.

19 எடுத்த பிள்ளையைப் பாருங்கள். இன்று கோட்டுக்குக் கீழே. அதே கணக்கில் அவருடைய விகிதம் 0.4945, இன்னொரு தாளில் 20ஐ எட்டும் நிகழ்தகவு 0.53. இன்று தவறிய ஒருவர் நாளை தவறுவதை விடச் சித்தியடைவதற்கே வாய்ப்பு சற்று அதிகம். ஆனால் பெயர்ப் பட்டியலில் அவருக்கு நேரே சிவப்பு வட்டம் இருக்கும்.

கோட்டை விட்டுத் தூரப் போகப் போக நிலை மாறுகிறது. 23 எடுத்தவருக்கு ஒப்புமை 0.74, 12 எடுத்தவருக்கு 0.89, 30 எடுத்தவருக்கு 0.995. முழு வகுப்புக்கும் சராசரி எடுத்தால் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேலே வரும். அறிக்கையில் எழுதுவதற்கு நல்ல எண்தான். ஆனால் அந்த எண்ணைத் தூக்கிவிடுவது 12உம் 30உம் எடுத்த பிள்ளைகள். அவர்களைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் சித்தியடையும் வகுப்பில் பெயர்களைக் குலுக்கிப் பிரித்தாலும் 56 வீதம் ஒத்துவரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால் மொத்தச் சராசரியை மட்டும் தரும் அறிக்கையை நான் ஏற்றுக்கொள்வதில்லை. வெட்டுப்புள்ளியில் இருந்து மூன்று புள்ளி மேலே, மூன்று புள்ளி கீழே நிற்பவர்களுக்கு ஒப்புமை எவ்வளவு என்று தனியே கேட்கிறேன்.

கோட்டை 20இல் இருந்து 18க்கு இறக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சரியாகாது. அப்போது 17, 18 எடுத்தவர்கள் நாணயத்தின் மேல் நிற்பார்கள். கோட்டை நகர்த்துவதால் மாறுவது எந்தப் பிழை கூட நடக்கும் என்பது மட்டுமே. மேலதிக வகுப்பு தேவையில்லாத பிள்ளை அதற்கு வந்தால் சில மாலை நேரங்கள்தான் போகும். தேவைப்பட்ட பிள்ளை விடுபட்டால் ஆண்டு இறுதியில் W வரலாம். அந்தக் காரணத்துக்காகக் கோட்டை உயர்த்துவது நியாயம். முடிவு உறுதியாகும் என்ற நம்பிக்கையில் நகர்த்துவது நியாயம் அல்ல.

உறுதியைக் கூட்டுவது வினாக்களின் எண்ணிக்கை. சமமான இரண்டாம் தாளைச் சேர்த்து 80 வினா ஆக்கினால் நம்பகம் 0.85க்கு ஏறும். 40இல் 23 எடுத்தவர் 80இல் 46 எடுத்தால் அவருடைய ஒப்புமை 0.74இல் இருந்து 0.85 ஆகிறது. ஆனால் 80இல் 39, 40 எடுத்தவர் அப்போதும் பாதிக்குப் பாதிதான். சந்தேகப் பட்டை ஒடுங்கும்; இல்லாமல் போகாது.

இந்த முறையின் எல்லைகளையும் மனதில் வைக்க வேண்டும். எல்லா வினாவும் ஒரே கடினம் என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அப்படி இருப்பதில்லை, ஆகவே அது தளம்பலைச் சற்றுக் கூட்டியே காட்டும். முப்பது பிள்ளைகளின் இடையும் விலகலும் அடுத்த ஆண்டு வேறாக இருக்கும். அயல் பாடசாலைகள் அதே தாளை வைத்திருந்தால் அவற்றின் புள்ளிகளையும் சேர்த்து நம்பகத்தைக் கணிப்பது நல்லது. கட்டுரை வினாக்களுக்கு இது பொருந்தாது. அங்கே திருத்துபவருக்குத் திருத்துபவர் வரும் வேறுபாடும் சேர்கிறது. கோட்டை அண்டிய விடைத்தாள்களையாவது, முதல் புள்ளியைப் பாராமல் இரண்டாவது ஆசிரியர் திருத்தினால்தான் அந்த அளவு தெரியும்.

அடுத்த முன்னோடிப் பரீட்சைப் பட்டியலைத் தயாரிக்கும் சக ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். சித்தி, சித்தியின்மை என்ற இரண்டு நிரலுக்கு நடுவில் மூன்றாவது ஒன்றைப் போடுங்கள். 17 முதல் 23 வரை எடுத்தவர்களின் பெயரை அதில் எழுதுங்கள். அதே கிழமைக்குள் அவர்களுக்கு இரண்டாம் தாளை வையுங்கள். அதன் பிறகும் கோட்டிலேயே நிற்பவர்களை மேலதிக வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.