மேல் வீட்டு அக்காவுக்கு எழுதியது

அணுசக்தி நகரில் பகலில் கதவைத் தட்டும்முன் யோசிக்க வேண்டும். உள்ளே ஒருவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருக்கலாம். எங்கள் பாத்ரூம் கூரையில் ஈரக்கறை பரவியபோது நான் பல நாள் மேலே போகாததற்கு அது மட்டும் காரணமில்லை. போனால் குற்றம் சொல்ல வந்ததாக அக்கா நினைப்பாரோ என்ற பயமும் இருந்தது.

பொங்கலுக்கு அவர்கள் ஊருக்குப் போனார்கள். கறை காய்ந்தது. திரும்பி வந்து குளிக்கத் தொடங்கியதும் மறுபடி நனைந்தது. பிளம்பருக்கு அதுவே போதுமான தடயம். குடிநீர்க் குழாய் ஒழுகினால், வால்வை மூடாதவரை ஆளில்லாத வீட்டிலும் ஒழுகும். இது குளித்த தண்ணீர் வெளியேறும் பக்கம், பெரும்பாலும் நஹானி ட்ராப் ஓரம் என்றார்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஆள் நிற்பது சில மணி நேரம்தான். ஆனால் பூசியது இறுக ஒரு நாள், பிறகு ட்ராப்பை அடைத்துத் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் கீழே கூரையைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் டைல்ஸ் என்றார். அக்காவிடம் நான் கேட்க வேண்டியிருந்தது அவர்களுடைய பாத்ரூமை, அதுவும் நான்கைந்து நாளைக்கு. அதை மறைக்காமல் எழுதினேன்:

"அக்கா, எங்க பாத்ரூம் கூரையில ஈரம் இறங்குது. உங்க நஹானி ட்ராப் ஓரமா இருக்கலாம்னு பிளம்பர் சொல்றார், திறந்து பார்த்தாத்தான் உறுதி. சனிக்கிழமை காலை 11 மணிக்கு வரலாமா? அவரும் ஒரு ஹெல்பரும், கூட நானும். அன்னைக்கு மூணு மணி நேரம் உடைக்கிற சத்தம் இருக்கும். புதன் வரைக்கும் அங்க குளிக்க முடியாது, எங்க பாத்ரூமை வச்சுக்கோங்க. அண்ணாவுக்கு நைட்னா வேற நாள் சொல்லுங்க."

பதில் உடனே வந்தது: "சனி காலையில அவர் நைட் முடிச்சு வர்றார். ஞாயிறு 3 மணிக்கு வாம்மா. வெளிச்சுவரை ஒட்டி வாஷிங் மெஷின் இருக்கு, அதை நகர்த்தி வைக்கிறேன்."

மெஷின் எனக்குத் தெரியாத விஷயம். அது அங்கேயே இருந்திருந்தால் வந்தவர்கள் முதல் அரை மணியை அதைத் தூக்குவதிலேயே கழித்திருப்பார்கள். காலனி வாசலில் காவலர் நிறுத்தாமலிருக்க, இருவரின் பெயரையும் நேரத்தையும் முன்னாலேயே சொல்லி வைத்தேன்.

திறந்தபோது ட்ராப்பும் குழாயும் சேரும் இடத்தில் சிமெண்ட் உதிர்ந்திருந்தது. செவ்வாய் மாலை தண்ணீர் கட்டினார்கள். அன்றிரவு கூரையில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, அக்காவுக்குப் படம் அனுப்பினேன். புதன் மாலை அதே இடத்தைப் படமெடுத்து அனுப்பினேன். ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. அதைப் பார்த்த பிறகே, வியாழன் டைல்ஸ் பதிக்க வரச் சொல்லி அக்காவே பிளம்பரிடம் நேரம் பேசினார்.

எங்கள் கூரைக்கு உடனே பெயின்ட் அடிக்கவில்லை. உள்ளே தங்கிய ஈரம் முழுதாகக் காயாமல் அடித்தால் உரிந்துவிடும்.