மூட்டு தெரியட்டும்

கண்டெய்னர் வீட்டின் சுவர், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுதான். நெளிநெளியாக மடித்திருப்பதால் அது நிற்கிறது. விசிறிபோல் மடித்த காகிதம் நிமிர்ந்து நிற்பதைப்போல. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது பாரம் மூலைத் தூண்கள் வழியாக இறங்குகிறது. மூடி வைப்பதற்காகச் செய்த பெட்டி அது. அதில் வாசல் திறப்பதென்றால், வெட்டியெடுத்த பலத்தை வேறு வடிவில் திருப்பித் தர வேண்டும்.

என் பங்கு நிலத்தில் 20 அடிப் பெட்டிகள் இரண்டைப் பக்கம்பக்கமாக வைத்தேன். நடுவில் வரும் இரண்டு சுவர்களையும் எடுத்தால் ஏறக்குறைய 16 அடி அகலக் கூடம். தோட்டத்தைப் பார்த்த சுவரில் 12 அடித் திறப்பு. அதற்கு வெளியே மரத்தளம்.

“தனியா இருக்கிற பொம்பளைக்கு எதுக்கு மேடம் இவ்வளவு பெரிய வாசல்?” என்றார் ஒப்பந்தக்காரர்.

“வெட்டுறதுக்கு முன்னாடி மேல் சட்டத்தை எது தாங்கும்?” என்று கேட்டேன்.

பதிலை என் தம்பியிடம் சொன்னார்: “வெட்டிட்டுப் பாத்துக்கலாம் சார்.”

“அக்காகிட்ட சொல்லுங்க” என்றான் தம்பி.

வெட்டிய பிறகு பார்க்க முடியாது. மேல் சட்டம் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கண்ணாடிக் கதவு நகராது. முதலில் திறப்பின் இரு ஓரமும் தூண், மேலே உத்தரம் எனச் சதுர இரும்புக் குழாயால் சட்டமடித்துப் பற்றவைக்க வேண்டும். அதன் பிறகே தகட்டை வெட்டலாம். கூடத்தின் நடுவிலும் அப்படியே. அங்கே கூடுதலாக ஒரு தூண். வெட்டி முடித்ததும் மேல் சட்டத்தின் அடியில் நூல் கட்டிப் பார்த்தோம். தொய்வில்லை.

அடுத்த வாதம் மூட்டைப் பற்றி. இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்தாலும் மூலைகள்தான் தொடும். கூரை நெடுக மெல்லிய இடைவெளி இருக்கும். பசையை மட்டும் பூசினால் போதாது. பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் இரும்பு அதைப் பிளந்துவிடும். இடைவெளியின்மேல் வளைத்த தகட்டை மூடிபோலப் போர்த்த வேண்டும்.

“உள்பக்கம் பலகை அடிச்சு அழகா மறைச்சிடலாம்” என்றார். மறைத்த மூட்டில் ஒழுகும் நீர், நெளிவுகள் வழியே ஓடி வேறெங்கோ கறையாகத் தெரியும். வந்த வழி தெரியாது. அதனால் அங்கே திருகாணி கழற்றக்கூடிய பட்டைதான் என்றேன். பட்டை மாட்டுமுன் அரைமணி நேரம் குழாய்த் தண்ணீர் பாய்ச்சி, அடியில் நின்று பார்த்தேன். இரண்டு பெட்டிகள் சேர்ந்த வீடு என்பதை வருகிறவர்கள் பார்த்தால் என்ன?

மரத்தளத்தைத் தகட்டுச் சுவரில் தொங்கவிடவில்லை. அதற்குத் தனிக் கால்கள். சுவருக்கும் பலகைக்கும் விரலிடை விட்டதால் நீர் தேங்கித் துரு ஏறாது. தளம் உள்தரையைவிட ஓரங்குலம் தாழ்வு. சாரல் உள்ளே வராது.

எங்கள் ஊர் வீட்டில் திண்ணை அப்பாவுக்கும் அவருடைய நண்பர்களுக்கும் உரியது. அம்மா கதவுக்குப் பின்னிருந்தே பேசுவாள். இந்தத் தளத்தில் முதல் நாற்காலியை அவளுக்குத்தான் போட்டேன்.