530,000 வெள்ளி ஏன்?

காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவு மேலாளர் என்றால், பணம் கொடுக்காமல் இழுத்தடிப்பவன் என்றுதான் உறவினர்களே நினைக்கிறார்கள். உண்மையில் என் நேரத்தில் பாதி, இன்னும் கொடுக்காத பணத்தைக் கணக்குப் பார்ப்பதில்தான் போகிறது. ஒரு வழக்கு முடியும்போது ஏறக்குறைய எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று இன்றே மதிப்பிட்டு, அந்தத் தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். இதை நாங்கள் 'ரிசர்வ்' என்போம். தொகை என் அதிகார வரம்பைத் தாண்டினால் மேலிடத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும்.

அண்மையில் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சந்திப்பில் வலப்பக்கம் திரும்பிய லோரி, எதிரே வந்த மோட்டார் சைக்கிளை மோதியது. ஓட்டி வந்தவருக்கு வயது 34, ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுநர். லோரிக்குக் காப்புறுதி கொடுத்தவர்கள் நாங்கள். முதல் மருத்துவ அறிக்கையில் எலும்பு முறிவு என்று இருந்ததால் கோப்பில் 150,000 வெள்ளி போட்டிருந்தோம். பிறகு கிருமித் தொற்றி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அந்த அறிக்கை வந்த அன்றே பழைய தொகை செல்லாததாகிவிட்டது.

இப்படிப்பட்ட வழக்கில் பெரிய தொகை, இனி சம்பாதிக்க முடியாமல் போகும் வருமானம்தான். அதற்கு வழி 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. காயம்பட்டபோது 31 முதல் 59 வயதுக்குள் இருந்தால், 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 2019இல் திருத்துவதற்கு முன்பு இந்த 60, 55ஆக இருந்தது. இவருக்கு 13 வருகிறது. அவர் தரப்பு மாதச் சம்பளம் 3,400 வெள்ளி என்றது. ஊழியர் சேமநிதிக் கணக்கும் சம்பளச் சீட்டும் 2,600 வரைதான் காட்டின. மீதி, வார இறுதியில் செய்த வேலையாம். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எனவே 2,600 எடுத்து, சொந்தச் செலவாக 700ஐக் கழித்தேன். மாதம் 1,900, வருடம் 22,800, அதை 13ஆல் பெருக்க 296,400.

வலிக்கும் கால் இழப்புக்கும் எங்கள் வழக்கறிஞர் எதிர்பார்ப்பது 160,000. செயற்கைக் காலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு 70,000. ஏற்கெனவே ஆன செலவு 45,000. எல்லாம் சேர்த்து 571,400. மோட்டார் சைக்கிள் வேகமாக வந்ததற்குச் சாட்சி இருப்பதால் அவர் பக்கம் 20 விழுக்காட்டுத் தவறு விழும் என்று கருதினேன். நம் பங்கு 457,120. வட்டி, இரு தரப்பு வழக்குச் செலவு சேர்த்து 530,000 என்று எழுதினேன்.

சிக்கல் கணக்கில் இல்லை, தேதியில் இருந்தது. காலாண்டு முடிய ஒன்பது நாள். கூடும் 380,000 வெள்ளி அந்தக் காலாண்டின் லாபத்திலிருந்தே போகும். "இப்போதைக்கு 300,000 போடுங்கள், அடுத்த காலாண்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நிதிப் பிரிவிலிருந்து செய்தி வந்தது. என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணா, அவங்களே சொல்றாங்க, போட்டுட்டா என்ன?"

இதற்கு எங்கள் தொழிலில் படிக்கட்டு ஏற்றுவது என்று பெயர். 150, 300, 420, 530 என்று ஒரே கோப்பு ஏறிக்கொண்டே போனால், தணிக்கையாளர் கண்ணில் அதுதான் முதலில் படும். நடுவில் புதிய மருத்துவ அறிக்கையோ சாட்சியோ இல்லாமல் தொகை மட்டும் ஏறியிருக்கும். கோப்புகள் பல இப்படி இருந்தால், அடுத்த வருடப் பிரீமியத்தையே குறைந்த செலவை நம்பி நிர்ணயிப்பார்கள்.

"அப்படின்னா பயத்துக்கு 700,000 போட்டுடலாமே?" என்றான். அதுவும் தவறு. தனிக் கோப்பில் நான் எழுத வேண்டியது நியாயமாக எதிர்பார்க்கும் தொகை. பேங்க் நெகாரா விதிப்படி மொத்தப் பொறுப்புக்கும் மேலே ஒரு பாதுகாப்புத் தொகையைக் கணிப்பாளர் தனியாகச் சேர்க்கிறார். நானும் ஒளித்துச் சேர்த்தால் ஒரே பயத்துக்கு இரண்டு முறை பணம் ஒதுக்கியதாகிவிடும்.

குறிப்பின் கடைசிப் பத்தியில் எந்தச் செய்தி வந்தால் இந்தத் தொகை மாறும் என்று எழுதினேன். அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தால் குறையும். வேகத்தைச் சொன்ன சாட்சி நீதிமன்றத்தில் நிலைக்காவிட்டால் கூடும். 300,000 என்பதற்குக் கோப்பில் ஆதாரம் எதுவும் இல்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை அனுப்புமுன் இரண்டு முறை படித்துப் பார்த்தது உண்மை.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், அந்தச் சாட்சி யார், லோரியில் இருந்த உதவியாளரா என்று ஒரே ஒரு கேள்வி வந்தது. நல்ல கேள்விதான், உதவியாளர் சொன்னால் நீதிபதி அவ்வளவாக நம்ப மாட்டார். இல்லை, சந்திப்பில் கடை வைத்திருப்பவர் என்று பதில் போட்டேன். மாலையில் 530,000க்கு ஒப்புதல் வந்தது. விசாரணைத் தேதி இன்னும் குறிக்கப்படவில்லை.